கேள்வியா, அடித்துச் சொல்வதா? தொழில்நுட்பக் கட்டுரையின் முதல் வரியைத் தேர்ந்தெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

தொழில்நுட்பக் கட்டுரை எழுதுபவர்கள் அதிகம் கையாளும் ஹூக், அதாவது வாசகரை உள்ளே இழுக்கும் தொடக்க வரி, இரண்டு வகை. “உங்கள் குவெரி ஏன் மெதுவாக ஓடுகிறது?” என்று கேள்வி கேட்டுத் தொடங்குவது ஒன்று. “இந்த இன்டெக்ஸை நீக்குங்கள்” என்று அடித்துச் சொல்லித் தொடங்குவது இன்னொன்று. பலர் இதை ரசனை சார்ந்த விஷயமாக எடுத்துக்கொள்கிறார்கள். கட்டுரையை எழுதி முடித்த பிறகு, எது காதுக்கு நன்றாக இருக்கிறதோ அதை மேலே ஒட்டிவிடுகிறார்கள். உள்ளே நல்ல சரக்கு இருந்தும் படிப்பவர் மூன்றாவது பத்தியில் விட்டுப் போவதற்கு இது ஒரு பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

தேர்ந்தெடுப்பதற்கு ஒரு தெளிவான அளவுகோல் உண்டு. நீங்கள் எழுதப்போகும் விஷயம் வாசகர் மனதில் இப்போது எந்த வடிவில் இருக்கிறது என்று பாருங்கள். அது ஏற்கெனவே கேள்வியாக உறுத்திக்கொண்டிருந்தால், கேள்வியோடு தொடங்குங்கள். “இது எனக்குத் தெரியும்” என்ற நம்பிக்கையாக இருந்து, அந்த நம்பிக்கை தவறாகவும் இருந்தால், அடித்துச் சொல்லுங்கள். இரண்டும் இல்லையென்றால் இரண்டு ஹூக்கும் வேலை செய்யாது.

இதற்கு உளவியலில் ஒரு பின்னணி இருக்கிறது. ஜார்ஜ் லோவென்ஸ்டீன் 1994-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில், ஒருவருக்குத் தெரிந்ததற்கும் தெரிய விரும்புவதற்கும் நடுவே உள்ள இடைவெளியை அவரே உணரும்போதுதான் ஆர்வம் பிறக்கிறது என்று விளக்கினார். இதை நம் வேலைக்குப் பொருத்திப் பார்க்கலாம். பிரச்சினையில் மாட்டிக்கொண்டிருப்பவருக்கு இடைவெளி தெரியும். கேள்வி ஹூக் அதைச் சுட்டிக் காட்டினாலே போதும். எல்லாம் தெரியும் என்று இருப்பவருக்கு இடைவெளியே கண்ணில் படாது. அவரிடம் கேள்வி கேட்டால் மனதுக்குள் சட்டென்று ஒரு தவறான பதிலைச் சொல்லிவிட்டுக் கடந்து போவார். அவர் நின்று கவனிக்க வேண்டுமானால் அவருடைய பதில் தவறு என்று முதல் வரியே சொல்லியாக வேண்டும்.

இதை ஒரே ஒரு விஷயத்தை வைத்துப் பார்க்கலாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸில் இன்டெக்ஸ். ஒரே தலைப்புதான், ஆனால் வாசகர் மாறும்போது ஹூக்கும் மாறுகிறது, அதோடு கட்டுரையே வேறாகிவிடுகிறது.

படி 1: வாசகர் மனதில் இருக்கும் வாக்கியத்தை எழுதுங்கள்

ஹூக்கைப் பற்றி யோசிப்பதற்கு முன்பே இதைச் செய்ய வேண்டும். உங்கள் கட்டுரையைத் திறக்கும் கணத்தில் வாசகர் தனக்குள் சொல்லிக்கொள்ளும் வாக்கியம் என்ன? அதை அவருடைய வார்த்தைகளிலேயே, ஒரே வரியில் எழுதுங்கள். இன்டெக்ஸ் விஷயத்தில் மூன்று பேரைக் கற்பனை செய்துகொள்ளலாம்.

முதலாமவர் ஒரு டெவலப்பர். அவருடைய லாகின் பக்கம் மெதுவாக இருக்கிறது. அவர் மனதில் இருப்பது: “`email` நெடுவரிசைக்கு இன்டெக்ஸ் போட்டாச்சு. அப்புறம் ஏன் முழு டேபிளையும் படிக்கிறது?”

இரண்டாமவர் ஒரு குழுவை நடத்துபவர். எந்தக் குவெரி மெதுவானாலும் புதிதாக ஓர் இன்டெக்ஸ் சேர்த்துவிடுவது அவர் வழக்கம். அவர் மனதில் இருப்பது: “இன்டெக்ஸ் கூடுதலாக இருந்தால் நஷ்டமில்லை. உதவாவிட்டால் சும்மா கிடக்கும், வட்டில் கொஞ்சம் இடம்தானே.”

மூன்றாமவர் டேட்டாபேஸுக்குப் புதியவர். இன்டெக்ஸ் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறார், அவ்வளவுதான். அவரிடம் வாக்கியமே இல்லை.

முதலாமவரின் வாக்கியம் கேள்விக்குறியில் முடிகிறது, இரண்டாமவருடையது முற்றுப்புள்ளியில். தேர்வின் பெரும்பகுதி இங்கேயே முடிந்துவிட்டது. மூன்றாமவர் தனி விஷயம், கடைசியில் பார்ப்போம்.

இந்த வாக்கியத்தை எங்கே தேடுவது? உடன் வேலை செய்பவர்கள் உங்களிடம் வந்து கேட்ட கேள்விகளில், கோட் ரிவ்யூவில் ஒருவர் விளக்கமே தராமல் எழுதிவிட்டுப் போன குறிப்புகளில், தேடுபொறியில் நீங்களே அந்தப் பிரச்சினைக்காக முதன்முதலில் தட்டிய சொற்களில். கடைசியாகச் சொன்னதில் ஒரு சிக்கல் உண்டு. விடை தெரிந்த பிறகு அந்தப் பழைய வாக்கியம் மறந்துபோகும். விடை தெரிந்தவர் “எக்ஸ்பிரஷன் இன்டெக்ஸ் எப்போது தேவை?” என்று எழுதுவார். தெரியாதவரோ எக்ஸ்பிரஷன் இன்டெக்ஸ் என்ற பெயரையே கேட்டிருக்க மாட்டார். நீங்கள் எழுதிய வாக்கியத்தில் விடையின் பெயர் நுழைந்திருந்தால், அது வாசகருடைய வாக்கியம் ஆகாது. அதை அடித்துவிட்டு, கண்ணுக்குத் தெரியும் அறிகுறியை மட்டும் வைத்து மறுபடி எழுதுங்கள்.

படி 2: உங்களிடம் இருக்கும் சான்று எதைத் தாங்கும் என்று பாருங்கள்

வாசகர் பக்கம் பார்த்தாயிற்று. இனி உங்கள் பக்கம். ஒரு கருத்தை அடித்துச் சொன்னால் வாசகர் உடனே “எங்கே, காட்டு பார்க்கலாம்” என்பார். அந்தச் சான்று அடுத்த இரண்டு மூன்று பத்திகளுக்குள் வந்தாக வேண்டும். கேள்வி கேட்டால் கொஞ்சம் அவகாசம் கிடைக்கிறது. கூடவே தேட வாசகர் சம்மதித்துவிட்டார்.

முதலாமவரின் பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். அவருடைய குவெரி இது:

```sql
CREATE INDEX idx_users_email ON users (email);

EXPLAIN SELECT * FROM users
WHERE lower(email) = 'kavi@example.com';
```

இதை ஓட்டினால் `Seq Scan on users`, அதாவது முழு டேபிளையும் படிக்கிறேன் என்றும், கீழே `Filter: (lower(email) = ...)` என்றும் வருகிறது. காரணம் எளிது. இன்டெக்ஸில் அடுக்கி வைத்திருப்பது `email` மதிப்புகளை, அவை இருக்கிற வடிவிலேயே. குவெரி தேடுவது `lower(email)` மதிப்பை. அந்த மதிப்புகள் இந்த இன்டெக்ஸில் இல்லாததால், ஒவ்வொரு பதிவையும் எடுத்து, சிறிய எழுத்தாக மாற்றி, ஒப்பிட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை. `lower(email)` மேலேயே ஓர் இன்டெக்ஸ், அதாவது எக்ஸ்பிரஷன் இன்டெக்ஸ், போட்டு, பிறகு `ANALYZE users;` ஓட்டினால் சரியாகிவிடும்.

ஆனால் இன்டெக்ஸ் இருந்தும் முழு டேபிளும் படிக்கப்படுவதற்கு இது ஒன்றுதான் காரணமா? இல்லை. தேடும் மதிப்பின் டைப் நெடுவரிசையின் டைப்போடு பொருந்தாமல் இருக்கலாம். டேபிளைப் பற்றிய புள்ளிவிவரங்கள் பழையதாகிப்போயிருக்கலாம். நிபந்தனைக்குப் பெரும்பாலான பதிவுகள் பொருந்துவதால் முழு டேபிளையும் படிப்பதே மலிவு என்று, குவெரியை எப்படி ஓட்டுவது என்று தீர்மானிக்கும் பிளானர் சரியாகவே முடிவெடுத்திருக்கலாம். ஆக, ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள். இங்கே “உங்கள் `WHERE`-இல் இருக்கும் ஃபங்ஷன்தான் குற்றவாளி” என்று அடித்துச் சொன்னால், மற்ற காரணங்களால் வந்தவர்கள் எல்லோருக்கும் அது பொய். ஒரே அறிகுறி பல காரணங்களுக்கு இட்டுச் செல்லும் இடத்தில் கேள்விதான் நேர்மையான தொடக்கம். படி 1-இல் கிடைத்த முடிவை இது உறுதி செய்கிறது.

இரண்டாமவர் விஷயம் வேறு. பயன்படாத இன்டெக்ஸ் சும்மா கிடப்பதில்லை என்பதற்குச் சான்று கையிலேயே இருக்கிறது. போஸ்ட்கிரெஸில் ஒரு பதிவை `UPDATE` செய்தால் அதன் புதிய பிரதி ஒன்று எழுதப்படுகிறது. இன்டெக்ஸ் உள்ள எந்த நெடுவரிசையும் மாறாமல், அதே பக்கத்தில் இடமும் இருந்தால், இன்டெக்ஸ்களைத் தொடாமலேயே வேலை முடிந்துவிடும். இதை ஹாட் அப்டேட் என்கிறார்கள். இப்போது `last_login` நெடுவரிசையில் யாரோ எப்போதோ போட்ட ஒரு சாதாரண பி-ட்ரீ இன்டெக்ஸ் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எந்தக் குவெரியும் அதைப் பயன்படுத்துவதில்லை. ஆனால் ஒவ்வொரு லாகினிலும் `last_login` மாறுகிறது. அதனால் ஹாட் அப்டேட் என்ற வழி அடைபட்டு, `email`, `phone` என்று மதிப்பு மாறாத நெடுவரிசைகளின் இன்டெக்ஸ்களிலும் புதிய குறிப்பு எழுத வேண்டிவருகிறது. இதை வாசகரே தன் டேட்டாபேஸில் ஓட்டிப் பார்க்கலாம்:

```sql
SELECT indexrelname, idx_scan
FROM pg_stat_user_indexes
WHERE relname = 'users';

SELECT n_tup_upd, n_tup_hot_upd
FROM pg_stat_user_tables
WHERE relname = 'users';
```

முதல் குவெரியில் அந்த இன்டெக்ஸின் `idx_scan` 0 என்று வரும். இரண்டாவதில் `n_tup_upd` பெரிதாகவும் `n_tup_hot_upd` மிகச் சிறிதாகவும் இருக்கும். ஒரு நிமிட வேலை. இவ்வளவு பக்கத்தில் சான்று இருக்கும்போது தயங்காமல் அடித்துச் சொல்லலாம்.

வாசகர் பக்கம் ஒன்றும் சான்று வேறொன்றும் சொன்னால்? உதாரணமாக, வாசகர் தவறாக நம்புகிறார், ஆனால் அதை மறுக்க உங்களிடம் இருப்பது ஒரே ஒரு அளவீடு, அதுவும் உங்கள் கணினியில் எடுத்தது. அப்போது சான்றின் பக்கமே நில்லுங்கள். சொல்லவந்ததை அந்த அளவீடு தாங்கும் அளவுக்குச் சுருக்குங்கள். சுருக்கியபின் சுவாரசியம் போய்விடுகிறது என்றால், கேள்வியாக மாற்றி, எப்படி அளந்தீர்கள் என்பதையே கட்டுரையாக்குங்கள்.

படி 3: கேள்வியைத் தேர்ந்தெடுத்தால் அதை எப்படித் தீட்டுவது

முதலாமவருக்கான கேள்வியை வரிசையாகத் திருத்திப் பார்ப்போம்.

“இன்டெக்ஸ் பற்றி உங்களுக்கு எவ்வளவு தெரியும்?” இது வாசகருக்குத் தேர்வு வைக்கிறது. உதவி தேடி வந்தவருக்குத் தேர்வு எழுதும் மனநிலை இருக்காது.

“உங்கள் இன்டெக்ஸ் சரியாக வேலை செய்கிறதா?” ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் முடியும் கேள்வி. பதில் சொல்லிவிட்டால் மேலே படிக்கக் காரணம் இல்லை. தலைப்பில் இப்படிக் கேட்டால் பெரும்பாலும் “இல்லை” என்று வாசகரே முடிவுகட்டிவிடுவார், ஏனென்றால் ஆம் என்றால் நீங்களே அடித்துச் சொல்லியிருப்பீர்கள் என்று அவருக்குத் தெரியும்.

“டேட்டாபேஸ் ஏன் மெதுவாகிறது?” வகை சரி, அளவு தவறு. இதற்குப் பதில் சொல்ல ஒரு நூலகம் வேண்டும். உங்கள் கட்டுரை சொல்லப்போவது அதில் ஒரு மூலை.

“`email`-க்கு இன்டெக்ஸ் இருக்கிறது. ஆனாலும் `EXPLAIN` போட்டால் `Seq Scan` என்றே வருகிறது. ஏன்?” இதுதான். அறிகுறி திரையில் தெரிகிறபடியே இருக்கிறது. விடையின் பெயர் எங்கும் இல்லை. கட்டுரை முடியும்போது பதில் சொல்லி முடிக்கக்கூடிய அளவிலும் இருக்கிறது.

கேள்வியின் அளவைச் சுருக்குவது பற்றிச் சொல்லும்போது ஆலன் டூரிங் நினைவுக்கு வருகிறார். 1950-இல் வெளியான அவருடைய புகழ்பெற்ற கட்டுரை, இயந்திரங்களால் சிந்திக்க முடியுமா என்ற கேள்வியோடுதான் தொடங்குகிறது. ஆனால் அவர் அந்தக் கேள்வியில் தங்கவில்லை. இயந்திரம், சிந்தனை என்ற சொற்களின் வழக்கமான பொருளை வைத்து விடை தேடினால் கருத்துக்கணிப்பு நடத்துவது போல ஆகிவிடும் என்று காட்டி, முதல் பத்தியிலேயே அதை வேறொரு கேள்வியால் மாற்றுகிறார். எதிரே இருப்பது மனிதரா இயந்திரமா என்று எழுத்து வழி உரையாடலில் ஒருவரால் கண்டுபிடிக்க முடியுமா என்பது போன்ற, சோதித்துப் பார்க்கக்கூடிய கேள்வி அது. பெரிய கேள்வியை விட மனமில்லை என்றால் நீங்களும் இதைச் செய்யலாம். முதல் வரியில் அது இருக்கட்டும். அதே பத்தி முடிவதற்குள், உங்கள் கட்டுரை உண்மையில் பதில் சொல்லப்போகும் சிறிய கேள்வியாக அதை மாற்றிக் காட்டிவிடுங்கள்.

கேள்விக்கு அடுத்த இரண்டு வரிகள் கேள்வியைவிட முக்கியம். கேள்வியைப் படித்ததும் வாசகருக்கு ஓர் எளிதான பதில் தோன்றும். இங்கே அது “இன்டெக்ஸை மறுபடி கட்டிப் பார்க்கலாமே”. அதை நீங்களே எடுத்துச் சொல்லி, ஏன் உதவாது என்று ஒரு வரியில் விலக்குங்கள். இவர் என் நிலைமையைத் தெரிந்துதான் எழுதுகிறார் என்ற நம்பிக்கை அங்கேதான் வருகிறது. அந்த இடத்தில் இன்னும் இரண்டு மூன்று கேள்விகளை அடுக்குபவர்கள் உண்டு. அது வேண்டாம். இரண்டாவது கேள்வி வந்ததுமே முதல் கேள்வியின் பிடி தளர்ந்துவிடும்.

பதிலை எவ்வளவு நேரம் பிடித்து வைப்பது? தொழில்நுட்ப வாசகரிடம் பிடித்து வைக்கவே கூடாது என்பது என் எண்ணம். அவருக்கு வேலை நின்றுபோயிருக்கிறது. பதிலை ஒரு வரியில் சொல்ல முடிந்தால் இரண்டாம் பத்தியிலேயே சொல்லிவிடுங்கள்: குவெரி தேடும் மதிப்பும் இன்டெக்ஸில் இருக்கும் மதிப்பும் ஒன்றல்ல. அதனால் ஆர்வம் குறையாது. “சரி, என் விஷயத்தில் எது காரணம் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?” என்ற அடுத்த கேள்விக்கு அது நகரும்.

படி 4: அடித்துச் சொல்வதைத் தேர்ந்தெடுத்தால்

இங்கேதான் அதிகம் தவறுகிறது. எனவே கொஞ்சம் நிதானமாகப் போவோம். இரண்டாமவருக்கான வரியை எழுதிப் பார்க்கலாம்.

“இன்டெக்ஸ்களை நிர்வகிப்பது மிக முக்கியம்.” இதில் துணிச்சல் எதுவும் இல்லை. சோதிக்க எளிய வழி, எதிர்மறையாக்கிப் பார்ப்பது. “இன்டெக்ஸ்களை நிர்வகிப்பது முக்கியமில்லை” என்று யாராவது சொல்வார்களா? மாட்டார்கள். எதிர்த்தரப்பே இல்லாத வாக்கியம் யாரையும் நிறுத்தாது.

“இன்டெக்ஸ்கள் உங்கள் டேட்டாபேஸைக் கெடுக்கின்றன.” நிறுத்தும். ஆனால் பொய். இரண்டு குவெரிகளை வைத்து இதை நிரூபிக்கவே முடியாது. வாசகருக்கு உடனே பத்து விதிவிலக்குகள் தோன்றும், மீதிக் கட்டுரை முழுவதும் அவர் அவற்றோடுதான் இருப்பார்.

“சில சூழல்களில் சில இன்டெக்ஸ்கள் எழுதும் வேகத்தைக் கொஞ்சம் பாதிக்கக்கூடும்.” முந்தைய தவறுக்குப் பயந்து எழுதுவது. உண்மைதான், ஆனால் இதைப் படித்து யாரும் எதையும் மாற்றிக்கொள்ளப் போவதில்லை.

“அடிக்கடி மாறும் நெடுவரிசையில் எந்தக் குவெரியும் தொடாத ஓர் இன்டெக்ஸ், போஸ்ட்கிரெஸில் மற்ற இன்டெக்ஸ்களுக்கும் சேர்த்து வேலை வைக்கும்.” இதை எடுத்துக்கொள்ளலாம். எந்த மென்பொருள் என்று சொல்லியிருக்கிறது. எந்த வகை இன்டெக்ஸ் என்று சொல்லியிருக்கிறது. “சும்மா கிடக்கும்” என்ற நம்பிக்கையை நேராக மறுக்கிறது. முக்கியமாக, மற்ற இன்டெக்ஸ்களுக்கும் எப்படி வேலை போகும் என்று இரண்டாமவருக்கு இப்போது தெரியாது. அவருக்கு இல்லாத இடைவெளியை இந்த வரி உண்டாக்கியிருக்கிறது.

கவனியுங்கள், இரண்டாவது வரிக்கும் நான்காவது வரிக்கும் உள்ள வித்தியாசம் தொனியில் இல்லை. இரண்டுமே தயக்கமில்லாமல்தான் பேசுகின்றன. நான்காவதில் எல்லை வாக்கியத்துக்குள்ளேயே, பெயர்ச்சொற்களாக இருக்கிறது. “கூடும்”, “சில சமயம்” என்று வினையைத் தளர்த்துவதைவிட, எழுவாயைக் குறுக்குவது எப்போதும் நல்லது. சொல்வது எவ்வளவு குறுகியதாக இருக்கிறதோ, அவ்வளவு உறுதியாகச் சொல்லலாம்.

அகலமாகச் சொன்னால் என்ன ஆகும் என்பதற்குக் கணினித் துறையில் ஒரு புகழ்பெற்ற வரலாறு உண்டு. எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா `go to` கட்டளைக்கு எதிராக எழுதியது 1968 மார்ச்சில் ஏசிஎம் என்ற கணினியியல் சங்கத்தின் இதழில் ஆசிரியருக்கான கடிதமாக வெளியானது. டெய்க்ஸ்ட்ரா வைத்திருந்த தலைப்பு, `go to`-வுக்கு எதிரான ஒரு வாதம் என்ற அளவில் அடக்கமாகத்தான் இருந்தது. இதழின் தரப்பில் அதைக் கையாண்ட நிக்லாஸ் விர்த், `go to` தீங்கானது என்று தீர்ப்பளிக்கும் தலைப்பாக மாற்றினார். அந்தத் தலைப்புதான் நிலைத்தது. அதேபோல எத்தனையோ தலைப்புகள் பிறகு வந்தன. ஆனால் கூடவே நீண்ட சர்ச்சையும் வந்தது. 1974-இல் டொனால்ட் நூத், `go to` எங்கே உதவும், எங்கே உதவாது என்று ஒரு நீண்ட கட்டுரையில் பிரித்துக் காட்ட வேண்டியிருந்தது. 1987-இல்கூட அதே இதழில் அந்தத் தலைப்பையே திருப்பி அடித்து ஒரு கடிதம் வந்தது. டெய்க்ஸ்ட்ராவின் வாதத்துக்கு அந்தச் சர்ச்சையைத் தாங்கும் பலம் இருந்தது. நம் கட்டுரை அப்படித் தாங்குமா என்று யோசித்துவிட்டுத்தான் தலைப்பை அகலப்படுத்த வேண்டும்.

எல்லையைப் பற்றி இன்னொரு விஷயம். வாக்கியத்துக்குள் அடங்காத விதிவிலக்குகள் இருக்கத்தான் செய்யும். `idx_scan` 0 என்று இருந்தாலும், அது தனித்துவத்தைக் காக்கும் யூனிக் இன்டெக்ஸாக இருந்தால் நீக்கக்கூடாது. இரட்டிப்புப் பதிவைத் தடுக்கும் வேலை அந்த எண்ணிக்கையில் வராது. படிப்பதற்கென்று தனியாக ரெப்ளிகா வைத்திருந்தால், அங்கே நடக்கும் தேடல்கள் முதன்மைச் சர்வரின் எண்ணிக்கையில் சேராது. புள்ளிவிவரங்கள் சமீபத்தில் அழிக்கப்பட்டிருந்தாலும், வருடத்துக்கு ஒருமுறை ஓடும் அறிக்கை ஒன்று இருந்தாலும், 0 என்பது ஏமாற்றிவிடும். இவற்றை முதல் வரியில் திணிக்க முயலாதீர்கள். ஆனால் சான்றைக் காட்டிய உடனேயே, கட்டுரையின் முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள், சொல்லிவிடுங்கள். கடைசியில் அடிக்குறிப்பு போல வைத்தால், அதற்குள் ஒருவர் `DROP INDEX` ஓட்டியிருப்பார். அடித்துச் சொல்லும் ஹூக்கில் இந்தப் பொறுப்பும் சேர்ந்தே வருகிறது. வாசகர் அதை நம்பிச் செயல்படுவார்.

எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. “10 மடங்கு வேகம்” போன்ற தொடக்கம் துணிச்சலாகத் தெரியும். எந்த அளவு டேபிளில், எந்தப் பதிப்பில், எப்படி அளந்தது என்று அடுத்த பத்தியில் சொல்ல முடியாவிட்டால் எண்ணே வேண்டாம்.

படி 5: ஹூக்குக்கு ஏற்றபடி கட்டுரையின் வரிசையை மாற்றுங்கள்

முதல் வரியைக் கடைசியில் ஒட்டினால் ஏன் கெடுகிறது என்பது இங்கே தெரியும். இரண்டு ஹூக்கும் வாசகருக்குத் தரும் வாக்குறுதிகள் வேறு வேறு.

கேள்வியில் தொடங்கிய கட்டுரை ஒரு விசாரணை. அறிகுறி, எளிய பதிலை விலக்குவது, ஒரு வரி விடை, பிறகு காரணங்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் பாதை. `Filter` வரியில் நெடுவரிசையைச் சுற்றி ஃபங்ஷன் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் டைப் மாற்றம் தெரிகிறதா பாருங்கள், அதுவும் இல்லையென்றால் பிளானர் எதிர்பார்த்த பதிவுகளின் எண்ணிக்கையை உண்மையான எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள் என்று போகும். வாசகர் எந்த இடத்தில் தன் காரணத்தைக் கண்டாரோ அங்கேயே விலகிக்கொள்ளலாம். அது தோல்வி இல்லை.

அடித்துச் சொல்லித் தொடங்கியது ஒரு வழக்கு. சொன்னது, சான்று, உள்ளே நடப்பது என்ன, எங்கெல்லாம் பொருந்தாது, அப்புறம் என்ன செய்வது. இங்கே சான்றுக்கு முன்னால் இன்டெக்ஸின் வரலாறு, பி-ட்ரீயின் அமைப்பு என்று மூன்று பத்தி போட்டால் கட்டுரை அங்கேயே நின்றுவிடும். அறிமுகம் தேவைப்பட்டால் சான்றுக்குப் பின்னால் வையுங்கள். “இது ஏன் நடக்கிறது?” என்று வாசகரே கேட்கும் நேரம் அதுதான்.

எழுதி முடித்த கட்டுரைக்கு ஹூக்கை மாற்ற நினைத்தால், முதலில் சான்று எத்தனையாவது பத்தியில் இருக்கிறது என்று பாருங்கள். அடியில் இருந்தால், கேள்வியை அடித்துச் சொல்லும் வரியாக மாற்றுவது அந்த ஒரு வரியோடு முடியாது. கட்டுரையைப் பிரித்துக் கட்ட வேண்டும்.

படி 6: முதல் பத்தியை மட்டும் காட்டிச் சோதியுங்கள்

முதல் பத்தியை மட்டும், நீங்கள் எழுதும் வாசகரைப் போன்ற ஒருவரிடம் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்காதீர்கள். “அடுத்து என்ன வரும் என்று எதிர்பார்க்கிறீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள்.

கேள்வி ஹூக் சரியாக விழுந்திருந்தால், அவர் தன் அனுபவத்தில் நடந்த ஒன்றைச் சொல்லி, அதற்குக் காரணம் வரும் என்பார். “இன்டெக்ஸ் என்றால் என்ன என்று விளக்குவீர்கள்” என்றால், உங்கள் கேள்வி அவர் மனதில் இருந்த கேள்வி இல்லை. பதிலை அவரே சரியாகச் சொல்லிவிட்டால், அவருக்கு இந்தக் கட்டுரை தேவையில்லை, அல்லது கேள்வி மிக எளிது.

அடித்துச் சொல்லும் ஹூக் சரியாக விழுந்திருந்தால் “அது எப்படி?” என்று கேட்பார், அல்லது ஒரு குறிப்பிட்ட மறுப்பைச் சொல்வார். அந்த மறுப்பை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், எல்லைகளைச் சொல்லும் பத்தியில் அது இடம்பெற வேண்டும். “ஆமாம், தெரியுமே” என்றால் எதிர்த்தரப்பு இல்லை. அடுத்தடுத்து விதிவிலக்குகளையே அடுக்கினால் வாக்கியம் சான்றைவிட அகலமாக இருக்கிறது. எழுவாயைக் குறுக்கிவிட்டு வேறொருவரிடம் காட்டுங்கள். ஏற்கெனவே படித்தவரிடம் மறுபடி காட்டிப் பயனில்லை, அவருக்கு இப்போது விஷயம் தெரிந்துவிட்டது.

இரண்டும் பொருந்தாத இடங்கள்

மூன்றாமவரை விட்டுவைத்திருந்தோம். இன்டெக்ஸைப் பற்றிக் கேள்வியும் இல்லை, நம்பிக்கையும் இல்லை. இவரிடம் `Seq Scan` ஏன் என்று கேட்டால் புரியாது. பயன்படாத இன்டெக்ஸ் வேலை வைக்கும் என்றால், வைக்கட்டுமே என்பார். இவருக்கு முதலில் ஒரு நிகழ்வைக் காட்டுங்கள். ஒரே குவெரியை இன்டெக்ஸ் இல்லாமல் ஒருமுறை, இன்டெக்ஸோடு ஒருமுறை `EXPLAIN ANALYZE` போட்டு, இரண்டு விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பார்த்ததும் கேள்வி அவரிடமிருந்தே வரும். அதற்குப் பிறகு அவர் முதலாமவரைப் போலத்தான்.

கட்டளைகளின் கையேடு, ஏபிஐ ஆவணம் போன்றவற்றுக்கு ஹூக்கே வேண்டாம். அங்கே வருபவர் எதைத் தேடுகிறார் என்று தெரிந்தே வருகிறார். சர்வர் செயலிழந்தபின் எழுதும் அறிக்கையிலும் இரண்டையும் தவிர்க்கலாம். என்ன நின்றது, எப்போதிலிருந்து எப்போது வரை, யாருக்குப் பாதிப்பு என்பதே அங்கு முதல் வரி. காரணத்தைக் கேள்வியாக்கி இழுத்தால், பாதிக்கப்பட்டவர்களுக்கு எரிச்சல்தான் மிஞ்சும்.